தந்தையர் தின விளம்பரத்துக்கு சூப்பர் ஹீரோ வேண்டாம்

ஜூன் மாதம் பிறந்தால் பெங்களூரின் கடைத்தெருக்களில் ஒரே அப்பா பல கடைகளின் கண்ணாடியில் தோன்றுகிறார். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் அவர் தோளில் சிவப்பு அங்கி பறக்கிறது. ஜெயநகர் நான்காவது பிளாக்கில் அவர் முறுக்கிய மீசையாகவும் டையாகவும் சுருங்கிவிடுகிறார். மல்லேஸ்வரத்தில் கிழிந்த செருப்போடு நின்று பிள்ளைக்குப் புது ஷூ வாங்கித் தருகிறார். வாட்ச் கடைக்கும் சலூனுக்கும் ஷேவிங் சாமான் கடைக்கும் விளம்பரம் எழுதித் தருகிறவர்கள் இதற்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த அப்பாவைக் காட்டினால்தான் பார்த்ததும் புரியும், கிண்டல் செய்தாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, தியாகத்தைப் பாடினால் அது புகழ்ச்சிதான், இதையெல்லாம் விட்டுவிட்டால் சொல்லி விற்க வேறு எதுவும் இல்லை என்கிறார்கள். இந்த நான்கும் தவறு. நான்காவதுதான் பெரிய தவறு என்பதால் அதற்கு அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், பார்த்ததும் புரிய வேண்டும் என்ற வாதம். தெருவில் நடந்து போகிறவர் ஒரு பலகைக்குக் கொடுப்பது இரண்டு மூன்று வினாடிதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மூன்று வினாடியில் அவருக்குப் புரிய வேண்டியது என்ன? இது தந்தையர் தினத்துக்கான சலுகை, இந்தக் கடையில் கிடைக்கிறது என்ற இரண்டு செய்திதான். மீசையும் அங்கியும் முதல் செய்தியைச் சொல்லிவிட்டு இரண்டாவதை அழித்துவிடுகின்றன. ஒரே தெருவில் ஐந்து கடைகள் ஒரே மீசையை ஒட்டினால் கடைப் பெயரைக் கையால் மறைத்துப் பார்க்கும்போது எது யாருடைய பலகை என்று கடைக்காரருக்கே தெரியாது. பலகை எழுதி முடித்ததும் இந்தச் சோதனையை எந்தக் கடையும் செய்து பார்க்கலாம். பெயரை மறைத்தால் பக்கத்துக் கடைக்கும் பொருந்துகிற பலகைக்குச் செலவிட்ட பணம் பக்கத்துக் கடைக்கும் சேர்த்துச் செலவிட்ட பணம்.

பெங்களூரில் இந்த வாதம் இன்னும் பலவீனமாகிறது. இது வாட்ச் தெரிந்த ஊர். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து எச்.எம்.டி. இங்கேதான் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. முதல் தொகுதியை வெளியிட்டவர் நேரு. ஜனதா, பைலட், கோஹினூர், காஞ்சன் என்ற பெயர்களை இன்றும் ஐம்பதைக் கடந்தவர்கள் ஊர்ப் பெயர் போலச் சொல்வார்கள். டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் உருவாக்கிய டைட்டனுக்கு ஓசூரில் ஆலை, தலைமை அலுவலகம் பெங்களூரில். எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. 2019இல் ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. பாரம்பரிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. எச்.எம்.டி., பி.இ.எல்., எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. என்று பொதுத்துறை ஆலைகளில் ஷிஃப்ட் பார்த்த அப்பாக்கள் இருந்த, இன்னும் இருக்கிற நகரம் இது. பத்தாம் வகுப்பு தேறியதற்கு ஒரு வாட்ச், கல்யாணத்துக்கு ஒரு வாட்ச், ஓய்வு பெறும் நாளில் ஒரு வாட்ச் என்று மணிக்கட்டிலேயே வரலாறு எழுதிக்கொண்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். இப்படிப்பட்ட ஊரில் கருப்பு ஸ்ட்ராப் தேய்ந்துபோன ஒரு ஜனதாவைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அது அப்பாவைப் பற்றியது என்று மூன்று வினாடியில் புரியும். மீசை வேண்டியதில்லை.

இரண்டாவது, கிண்டல் தீங்கற்றது என்ற வாதம். பிள்ளைக்கு டயப்பர் மாட்டத் தெரியாத அப்பா, பரிசு கொடுத்தால் பெட்டியைக்கூடத் திறக்காத அப்பா, புது போனைத் தலைகீழாகப் பிடிக்கும் அப்பா ஆகியோர் விளம்பர உலகின் பழைய பாத்திரங்கள். அப்பாக்களே பார்த்துச் சிரிக்கிறார்களே என்பார்கள். 2012இல் அமெரிக்காவில் ஹக்கீஸ் டயப்பர் இப்படித்தான் நினைத்தது. தாய்மார்கள் ஓய்வெடுக்க, அப்பாக்களைக் குழந்தைகளோடு ஐந்து நாள் விட்டுப் பார்ப்பதுதான் டயப்பருக்கு மிகக் கடுமையான சோதனை என்பது அதன் பிரச்சாரத்தின் கருத்து. ஒரு பிரச்சாரப் படத்தில் தொலைக்காட்சியில் விளையாட்டு பார்க்கும் அப்பாக்களின் கையில் குழந்தைகள் இருந்தார்கள். இதைப் பார்த்த ஓர் அப்பா இணையத்தில் கையெழுத்து இயக்கம் தொடங்கினார். அன்றாடம் குழந்தையைக் கவனித்துக்கொள்ளும் ஆண்கள் திரண்டார்கள். நிறுவனம் அந்தப் படங்களை மாற்றியது. அவர்கள் டயப்பர் வாங்கும் வாடிக்கையாளர்கள் என்பதை வியாபாரி கவனிக்க வேண்டும்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கும். அங்கே பாலினம் பற்றிய தீங்கான பிம்பங்களை விளம்பரத்தில் காட்டக் கூடாது என்ற விதி 2019 ஜூனில் அமலுக்கு வந்தது. ஆகஸ்டில் தடையான முதல் விளம்பரங்களில் ஒன்று பிலடெல்பியா சீஸ் உடையது. சாப்பாட்டில் மயங்கிய இரண்டு அப்பாக்கள் தங்கள் கைக்குழந்தைகளை உணவகத்தின் சுழலும் பட்டையில் விட்டுவிடுவதாகக் கதை. 128 புகார்கள் வந்தன. நிறுவனம் சொன்ன விளக்கம்தான் பாடம்: எப்போதும் தாயையே குழந்தையோடு காட்டும் பழைய வழக்கத்தைத் தவிர்க்கத்தான் அப்பாக்களைத் தேர்ந்தெடுத்தோம் என்றார்கள். எண்ணம் நல்லது. ஆனால் ஆளை மாற்றிவிட்டு, ஆளுக்குக் கொடுத்த வேலையை மாற்றவில்லை. புதுமையாகச் செய்கிறோம் என்று நம்பும் கடைக்காரர்கள் சறுக்குவதும் இங்கேதான். சமையலறையில் அப்பாவை நிறுத்தி, பால் பொங்கி வழிவதைக் காட்டினால் அது அதே பழைய படம்தான். இந்தியாவிலும் விளம்பரத் தர மன்றமான ஏ.எஸ்.சி.ஐ. 2022 ஜூனில் பாலினப் பிம்பங்கள் குறித்த வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. பெண்ணை மட்டும் நினைத்து எழுதப்பட்டவை அல்ல அவை. ஆண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, அப்படி இல்லாதவரை இழிவு செய்வதும் அதில் அடங்கும்.

மூன்றாவது வாதம்தான் நம் வீடுகளில் அதிகம் எடுபடுவது. தியாகத் தந்தையைப் பாடுவதில் என்ன தவறு, அது மரியாதைதானே? எனக்கும் அப்பாக்கள் பட்ட பாட்டின் மேல் மரியாதை உண்டு. ஆனால் பேசாத, அழாத, தனக்கென ஒன்றும் வாங்காத, வெளியே சம்பாதிக்க மட்டும் பிறந்த ஓர் உருவத்தை வருடா வருடம் ஒட்டுவது ஒரு வகை அப்பாவுக்குத்தான் இடம் கொடுக்கிறது. வேலை இழந்து வீட்டிலிருக்கும் அப்பா அதில் இல்லை. சேலத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து மகள் வீட்டில் தங்கி, காலையில் பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு மாலையில் தூக்கிக்கொண்டு வரும் அறுபத்தைந்து வயது அப்பா அதில் இல்லை. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலை அடுக்குமாடிகளில் அவர்கள் எத்தனை பேர் என்று காலை எட்டு மணிக்கு வாசலில் நின்று பார்த்தால் தெரியும். அப்பாவை இழந்தவர்களும், அப்பாவால் காயப்பட்டவர்களும், அம்மாவே அப்பாவாக இருந்து வளர்த்தவர்களும் அதே பலகையைப் படிக்கிறார்கள்.

இந்த நாள் எப்படித் தொடங்கியது என்பதே தியாகத் தந்தைக் கதைக்கு எதிராக நிற்கிறது. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரைச் சேர்ந்த சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண்ணின் தாய் 1898இல் பிரசவத்தில் இறந்தார். வீட்டில் ஒரே மகள் சொனோரா, மற்றவர்கள் தம்பிகள், கைக்குழந்தை உட்பட. அந்தப் பிள்ளைகளைத் தந்தை வில்லியம் ஸ்மார்ட் தனியாகவே வளர்த்தார். அன்னையர் தினம் பற்றிய பிரசங்கத்தைக் கேட்ட சொனோரா, தன் அப்பாவைப் போன்றவர்களுக்கும் ஒரு நாள் வேண்டும் என்று முயன்றார். 1910 ஜூன் 19இல் ஸ்போகேனில் அது கொண்டாடப்பட்டது. அந்த மகள் நன்றி சொன்னது பிள்ளை வளர்த்ததற்கு. டையும் ரேசரும் பிறகு வந்தவை. 1930களில் நியூயார்க் ஆண்கள் ஆடை வியாபாரிகள் கூடி இந்த நாளைப் பரப்ப ஒரு மன்றம் வைத்தார்கள். அமெரிக்காவில் அது சட்டப்படி நிலைத்தது நிக்சன் கையெழுத்திட்ட 1972இல்தான்.

இதற்கு நேர் எதிரான மிகையும் இப்போது பரவுகிறது. ஒரு நாள் தோசை சுட்ட அப்பாவுக்கு, மகளுக்கு ஒருமுறை தலை பின்னிய அப்பாவுக்கு மாலை போடும் விளம்பரம். பழைய பிம்பத்தை உடைப்பதாக அது நினைத்துக்கொள்கிறது. 2024ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுக்குட்பட்டவர்களில் வீட்டில் உள்ளவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் பெண்களில் 41 சதவீதம் பேர் ஈடுபட்டார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 140 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 74 நிமிடம். இந்த நிலையில் சாதாரண வேலையைச் செய்த ஆணைச் சாதனையாளர் ஆக்கினால், அந்த வேலையைத் தினமும் செய்கிற பெண் அதே கடையில் பணம் கொடுத்து நிற்கும்போது என்ன நினைப்பார்? பல நேரம் வாட்சைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டுவது மகளோ மனைவியோ மருமகளோதான். தோசை சுடும் அப்பாவைக் காட்டலாம். அவர் தோசை சுடுவதை மட்டும் காட்டுங்கள், கைதட்டலைச் சேர்க்காதீர்கள்.

புண்பட்டவர்கள் விஷயத்தில் செய்யக்கூடியது மிக எளிது. பிரிட்டனின் ப்ளூம் அண்ட் வைல்ட் என்ற பூக்கடை நிறுவனம் 2019இல் அன்னையர் தின அஞ்சல்கள் வேண்டாம் என்பவர்களை மட்டும் அவற்றிலிருந்து விலகிக்கொள்ள விட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் விலகினார்கள், நன்றியும் சொன்னார்கள். நம் கடைகள் வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றன. மே நடுவில் ஒரே ஒரு செய்தி போதும்: “அடுத்த மாதம் தந்தையர் தினச் சலுகை அனுப்ப இருக்கிறோம். அது மட்டும் வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று பதில் அனுப்புங்கள். மற்றச் செய்திகள் வழக்கம்போல் வரும்.” பதில் வந்தவர்களின் பெயரைத் தனியே குறித்து, உண்மையிலேயே அனுப்பாமல் இருக்க வேண்டும். கேட்டுவிட்டு அனுப்புவது கேட்காமல் அனுப்புவதைவிட மோசம்.

இனி கடைசி வாதம். பிம்பத்தை எடுத்துவிட்டால் விற்க என்ன இருக்கிறது என்கிறார்கள். பொருள் இருக்கிறது, அந்தப் பொருளைப் பற்றிக் கடைக்காரருக்குத் தெரிந்த வித்தை இருக்கிறது. அப்பா எப்படிப்பட்டவர் என்று ஊகிக்காமல், அவர் மணிக்கட்டையும் அன்றாடத்தையும் பற்றிக் கேட்டால் போதும். ஒரு கடையை வைத்தே பார்ப்போம். மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் பக்கம் நடுத்தரமான ஒரு வாட்ச் கடை, ஒரு பழுது மேசை, அதில் ஒரு கைதேர்ந்த மெக்கானிக் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தக் கடை தந்தையர் தினத்துக்குப் பழைய வாட்சை ஓட வைக்கும் வேலையை முன்னால் வைக்கட்டும். பலகையில் இவ்வளவுதான்: “அப்பாவின் வாட்ச் மேசை இழுப்பறையில் நின்றுபோய்க் கிடக்கிறதா? கொண்டு வாருங்கள். திறந்து பார்த்து, ஓடுமா ஓடாதா, என்ன செலவு என்று சொல்கிறோம். பார்க்கக் கட்டணம் இல்லை.” கன்னடத்தில் பெரிதாக, கீழே ஆங்கிலமும் தமிழும். இதில் எந்த அப்பாவும் இல்லை, ஆனால் எல்லா அப்பாவுக்கும் இடம் இருக்கிறது. அப்பா இல்லாத பிள்ளைக்கும் இருக்கிறது. இந்தப் பலகையைப் பார்த்து முதலில் உள்ளே வருகிறவர்கள் அவர்களாகவே இருக்கலாம்.

நாள்கணக்குதான் இதில் முக்கியம், பெரும்பாலான கடைகள் தவறுவதும் அதில்தான். தந்தையர் தினம் ஜூன் மூன்றாவது ஞாயிறு. 2026இல் அது ஜூன் 21. சாவி கொடுக்கும் பழைய வாட்ச் ஒன்றைப் பிரித்து, கழுவி, எண்ணெய் வைத்து, பூட்டினால் வேலை முடிந்துவிடாது. பிறகு சில நாள் ஓடவிட்டு, டயல் மேலே, டயல் கீழே, சாவி கீழே என்று வெவ்வேறு நிலைகளில் வைத்து நேரம் தவறுகிறதா என்று பார்க்க வேண்டும். எனவே மே 25 முதல் ஜூன் 6 வரை வாட்ச் வாங்குவது, ஜூன் 13க்குள் மேசை வேலையை முடிப்பது, கடைசி வாரம் முழுவதும் ஓடவிட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது. மே 25 முதல் ஜூன் 13 வரை ஞாயிறு போக 18 வேலை நாள். செல் மாற்றுவது, ஸ்ட்ராப் மாற்றுவது என்ற அன்றாட வேலைக்கு நடுவே ஒரு மெக்கானிக் நாளுக்கு மூன்று முழு சர்வீஸ் செய்கிறார் என்றால் 54. உதிரி தேட வேண்டியவை, திரும்பி வருபவை என்று கால்வாசியை ஒதுக்கினால் 40 டோக்கன். நாற்பதோடு நிறுத்த வேண்டும். நாற்பத்தொன்றாவது ஆளிடம் “ஜூலையில் செய்து தருகிறோம்” என்று சொல்லும் நேர்மைதான் மற்ற நாற்பது பேருக்கும் கடை கொடுக்கும் உத்தரவாதம்.

வாங்கும்போதே கவுண்டரில் சில விஷயங்களைப் பார்த்துச் சொல்லிவிட முடியும். சாவியைச் சுற்றும்போது எதிர்ப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். முழுதும் சுற்றியும் முள் நகராமல், லேசாக அசைத்தால் சில வினாடி ஓடி நின்றால் பெரும்பாலும் உலர்ந்த எண்ணெய்தான், கழுவினால் சரியாகும். மூடியைத் திறந்து பார்த்து பேலன்ஸ் சக்கரம் சாய்ந்து கிடந்தால் அதன் அச்சு ஒடிந்திருக்கலாம். அதற்கு வேறொரு பழைய எச்.எம்.டி.யிலிருந்துதான் உதிரி எடுக்க வேண்டியிருக்கும், நாள் உறுதி தர முடியாது. செல் வாட்ச் என்றால் முதலில் பார்ப்பது செல் கசிந்து பச்சை படிந்திருக்கிறதா என்பது. படிந்திருந்தால் புது செல் போட்டும் ஓடாமல் போகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கடை பிடிவாதமாக இருக்க வேண்டும். கேட்காமல் டயலுக்குப் புது வண்ணம் அடிக்கக் கூடாது. பழைய எச்.எம்.டி. வாட்சுகளுக்கு டயலை மறுபடி அச்சடித்துப் புதிதுபோல் விற்கும் வழக்கம் சந்தையில் பெருகிவிட்டது. வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் பளபளப்பாகக் கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்று மெக்கானிக் நினைக்கலாம். மஞ்சளான டயலில் ஆறு மணிப் பக்கம் இருக்கும் கறையைப் பார்த்தே அது தன் அப்பாவுடையது என்று ஒரு மகன் அடையாளம் காண்பான். அதைத் துடைத்துவிட்டால் திருப்பிக் கொடுக்கவே முடியாது. கண்ணாடி வேறு விஷயம். அந்தக் கால வாட்சுகளின் பிளாஸ்டிக் கண்ணாடியில் இருக்கும் கீறலைப் பாலிஷ் பசை போட்டுத் தேய்த்தே பெருமளவு போக்கிவிடலாம். ஆகவே ரசீதில் மாடல், பின்மூடி எண், வாங்கும்போது எடுத்த டயல் படம், எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்ற வரி, பழைய ஸ்ட்ராப்பைத் திருப்பித் தர வேண்டுமா என்ற வரி எல்லாம் இருக்க வேண்டும். சாவி கொடுக்கும் பழைய வாட்ச் நல்ல சர்வீஸுக்குப் பிறகும் நாளொன்றுக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் முன்பின்னாக ஓடும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டால் பிறகு சண்டை வராது.

கண்ணாடிப் பெட்டியில் சம்மதம் கொடுத்தவர்களின் வாட்சுகளை, திருப்பிக் கொடுக்கும் நாள்வரை ஒரு சிறு அட்டையோடு வைக்கலாம். “கோஹினூர். லாரி ஓட்டியபோது கட்டியது. ஸ்ட்ராப் மூன்று முறை மாறியிருக்கிறது.” “பைலட். அம்மா முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது.” வாடிக்கையாளர் சொன்னதை அப்படியே எழுதினால் போதும், உருக்கம் சேர்க்க வேண்டாம். அடுத்த தெருவிலிருக்கும் கடையால் இந்த அட்டையைப் பிரதி எடுக்க முடியாது.

புது வாட்ச் விற்பனையும் இதே வழியில்தான். “அப்பாவுக்கு எப்படிப் பிடிக்கும், கிளாசிக்கா ஸ்போர்ட்டா?” என்று கேட்கும் விற்பனையாளருக்குப் பதிலாக, “சார், அப்பா கண்ணாடி போடாமல் மணி பார்ப்பாரா? ஸ்கூட்டரில் போவாரா, மழையில் நனையுமா? இப்போது கட்டியிருக்கும் வாட்சை எந்த ஓட்டையில் மாட்டுகிறார்?” என்று கேட்கும் விற்பனையாளர் வேண்டும். முதல் கேள்வி டயலைத் தீர்மானிக்கிறது. கண் மங்கியவருக்கு வெள்ளை டயலில் கருப்பு எண்ணும் தெளிவான முள்ளும் வேண்டும், வெள்ளி டயலில் வெள்ளி முள் அழகாக இருக்கும், மணி தெரியாது. இரண்டாவது கேள்வி நீர் தாங்கும் திறனை. பின்மூடியில் 30 மீட்டர் என்று இருந்தால் 30 மீட்டர் ஆழம்வரை நீந்தலாம் என்று பொருள் இல்லை, கை கழுவும்போது தெறிப்பதைத் தாங்கும் என்பதுதான். பெங்களூர் ஜூன் மழையில் ரெயின்கோட் கைக்குள் ஊறும் தோல் ஸ்ட்ராப் சீக்கிரம் நாறிப்போகும். மூன்றாவது கேள்வி மணிக்கட்டின் அளவை. எச்.எம்.டி. காலத்து 35 மில்லிமீட்டர் வாட்சுக்குப் பழகிய மெலிந்த கைக்கு 44 மில்லிமீட்டர் வாட்சைக் கட்டினால் அது பரிசுப் பெட்டிக்கே திரும்பிவிடும். இரண்டு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்ற சீட்டை ரசீதோடு வைத்தால் வாங்குகிறவருக்குத் தைரியம் வரும். எத்தனை வாட்ச் அப்படித் திரும்பி வந்தது என்று எண்ணினால், கேள்விகள் வேலை செய்தனவா என்பது கடைக்குத் தெரியும்.

சலூனுக்கு வருகிறேன். அங்கே மிகச் சோர்ந்த பிம்பம் நரைத்த அப்பாவை இளைஞராக்குவது. “இந்த ஞாயிறு அப்பாவை அழைத்து வாருங்கள், பத்து வயது குறைத்து அனுப்புகிறோம்” என்ற அறிவிப்பு தவறு மட்டுமில்லை, ஆபத்தும்கூட. தலைச்சாயங்கள் பலவற்றில் இருக்கும் பாராபினைலின்டையமின் என்ற பொருள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். முகம் வீங்கி மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கும் போகும். எனவே காதுக்குப் பின்னாலோ முழங்கை உள்மடிப்பிலோ சிறிது தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஞாயிறு காலை முதல்முறை வந்து உட்காரும் அறுபது வயதுக்காரருக்கு அந்தச் சோதனை எப்போது செய்வது? சாயச் சலுகை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அதை வெள்ளிக்கிழமை காலைக்குள் வந்து சோதனை செய்துகொண்டவர்களுக்கு மட்டும் என்று எழுதுங்கள்.

ஷேவிங் விஷயத்தில் நிஜமான தேவை ஒன்று கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. கை நடுங்கும் அப்பா, பக்கவாதத்துக்குப் பின் ஒரு கை வராத அப்பா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் அப்பா ஆகியோருக்குப் பிள்ளைகள்தான் ஷேவ் செய்துவிடுகிறார்கள், யாரும் சொல்லித் தராமலே. சிறு வெட்டும் நிற்காமல் கசியும் உடம்புக்குப் பிளேடைவிடக் காவல்மூடி உள்ள டிரிம்மர் பத்திரமானது. வெந்நீர்த் துணியை இரண்டு நிமிடம் வைத்து மயிரை மிருதுவாக்குவது, தோலை விரலால் இழுத்துப் பிடிப்பது, கழுத்துப் பக்கம் மயிர் முளைத்த திசையிலேயே வெட்டுவது என்று அரை மணியில் கற்றுத் தரலாம். தந்தையர் தினத்துக்கு முந்தைய வாரம் ஒரு மாலை “உங்கள் அப்பாவுக்கு நீங்களே ஷேவ் செய்யக் கற்றுத் தருகிறோம், கட்டணம் இல்லை” என்று ஒரு சலூன் அறிவித்தால், அதைப் பார்க்க வருகிறவர் டிரிம்மர் வாங்கிக்கொண்டு போவார், நடக்க முடியாத அப்பாவுக்கு வீட்டுக்கு வந்து முடி வெட்ட முடியுமா என்றும் கேட்பார்.

இப்படியெல்லாம் பெரிய நிறுவனத்தால்தான் முடியும் என்று சொல்பவர்களுக்கு ஒரு வரி. 2019இல் ஜில்லட் இந்தியாவில் எடுத்த விளம்பரம், உத்தரப்பிரதேசத்தின் பன்வாரி டோலா கிராமத்தில் நோயுற்ற தந்தையின் சலூனைத் தொடர்ந்து நடத்திய இரண்டு மகள்களின் உண்மைக் கதை. பின்னர் சச்சின் டெண்டுல்கர் அந்தப் பெண்களிடம் ஷேவ் செய்துகொண்டார். படம் எடுக்கப் பணம் நிறுவனத்திடம் இருந்தது, ஆனால் கதை ஒரு சின்ன கிராமத்துச் சலூனில்தான் கிடைத்தது. நம் கடைகளுக்குள் அப்படிப்பட்டவர்கள் தினமும் வந்து போகிறார்கள்.

எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். பழுது வேலையில் ஒரு வாட்சுக்குக் கிடைக்கும் லாபம் புது வாட்ச் விற்பதில் கிடைப்பதைவிடக் குறைவு. ஆனால் டோக்கன் வாங்கியவர் கொடுக்க ஒருமுறை, வாங்க ஒருமுறை என்று இரண்டு தடவை கடைக்குள் வருகிறார், எந்தப் பலகையும் அதைச் செய்வதில்லை. நல்ல மெக்கானிக் இல்லாத கடை இதை ஆரம்பிக்கவே கூடாது, அப்பாவின் வாட்சைக் கெடுத்துக் கொடுத்த கெட்ட பெயர் தெரு முழுக்கப் பரவும். போன வருட ஸ்டாக் தேங்கி நிற்கிறது என்றால் அதற்குத் தள்ளுபடி போட்டு, தள்ளுபடி என்று மட்டும் எழுதுங்கள். விற்காத வாட்சின் மேல் அப்பாவின் தியாகத்தை ஒட்டாதீர்கள்.

பெங்களூரில் வாட்ச் கடையோ சலூனோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த முறை அச்சகத்தில் சூப்பர் ஹீரோ படம் கேட்பதற்கு முன், கடந்த மாதம் அப்பாவுக்காக என்று சொல்லி உங்களிடம் வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று கவுண்டரில் நிற்பவரிடம் விசாரியுங்கள். அதையே பலகையில் எழுதுங்கள். பழுது வேலையைச் சேர்ப்பதாக இருந்தால் அறிவிப்பு மே கடைசி வாரம் தொடங்குவதற்குள் வாசலில் இருக்க வேண்டும்.